லாரியை எழுதாத மனு

நகராட்சி அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தபால் பிரிவில் உட்கார்ந்து, வருகிற காகிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் என்பதால் முத்திரையம்மா. பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் மனுவும் கையுமாக நிற்பார்கள். இவள் வாங்கிப் படித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவாள். பிறகுதான் முக்கியமான வேலை. மனுவின் ஓரத்தில் சிவப்பு மையால், இது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதுவது.

ஆணையர் படித்துப் பார்த்து முடிவு பண்ணுகிறார் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். ஆணையரின் மேசைக்கு ஒரு நாளைக்கு எத்தனை போகும்? மனு பிழைப்பதும் சாவதும் அந்தச் சிவப்பு மையில்தான். சுகாதாரப் பிரிவு என்று எழுதினால் மூன்று நாளில் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், அங்கே அப்படி ஒரு கண்டிப்பு. பொறியியல் பிரிவு என்று எழுதினால் மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்து, மனு கொடுத்தவருக்கே என்ன கேட்டோம் என்பது மறந்துபோகும். இது முத்திரையம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் வினையே வந்தது.

அவள் குடியிருந்த தெருவின் முனையில், அவள் வீட்டு வாசலிலிருந்து இருபது அடி தள்ளி, ஒரு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி உண்டு. சக்கரம் இல்லாத வண்டி மாதிரி இருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு லாரி வந்து, சங்கிலி போட்டு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய், கொட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். அந்த லாரி வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தொட்டி நிரம்பி, தொட்டியைச் சுற்றி நிரம்பி, அதற்கு மேல் போட இடமில்லாமல் ஜனங்கள் தூரத்திலிருந்தே பையை வீசிவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள். விழுந்த வேகத்தில் பை கிழியும். கிழிந்ததை நாய் இழுக்கும். நாய் விட்டதை எலி தின்னும். எலி என்றால் சுண்டெலி இல்லை. பூனையைப் பார்த்தால் ஓடாமல் நின்று, என்ன வேண்டும் என்று கேட்கிற சைஸ்.

ஈயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர்க் குடத்தின் மூடியில் ஈ, துவைத்துப் போட்ட துணியில் ஈ, தூங்குகிற குழந்தையின் கடைவாயில் ஈ. முத்திரையம்மாவின் புருஷனுக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருவான். வீட்டில் அவளும், ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தையும், நாத்தனாரும்தான். நாத்தனார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். இவள் அலுவலகம் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். நாள் முழுக்க ஒரு கையால் துணியை நகர்த்திக்கொண்டு, இன்னொரு கையால் ஈ ஓட்டிக்கொண்டு, நகராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். நகராட்சி என்றால் அவளுக்கு அண்ணிதான். திட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தத் தெருவைப் பெருக்குகிறவளுக்கு விசிலக்கா என்று பெயர். காலை ஆறரைக்குத் தள்ளுவண்டியோடு வந்து முனையில் நின்று ஒரு விசில் அடிப்பாள், வீட்டுக்காரர்கள் குப்பையை எடுத்துவருவதற்காக. ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, ஆனால் இரும்பு. அந்தப் பத்தொன்பது நாளும் ஒரு நாள் தப்பாமல் வந்தாள். தெருவைப் பெருக்கிவிட்டு, சிதறிக்கிடந்ததை மண்வெட்டியால் வாரி வாரித் தொட்டிப் பக்கம் ஒதுக்கி, எங்கிருந்தோ மண் கொண்டுவந்து மேலே தூவி, பிளீச்சிங் பவுடர் கிடைத்த அன்று அதையும் போட்டுவிட்டுத்தான் போவாள். ஒரு நாள் முத்திரையம்மா பொறுக்க முடியாமல், என்னக்கா இது என்று கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? லாரியில தூக்குற மெஷின் ரிப்பேர். வண்டி ஷெட்டுல படுத்துக் கெடக்குது. நான் பெருக்கிக் கூட்டிடலாம், தொட்டிய என் தலையிலயா தூக்கிட்டுப் போக முடியும்?"

ஆக, முத்திரையம்மாவுக்குத் தெரியும். கோளாறு லாரியில்தான், ஆளிடம் இல்லை என்று அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். இதை நான் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தாள் என்று பின்னால் யாரும் பரிந்துகொண்டு வரக் கூடாது.

இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை. முத்திரையம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நாத்தனார் அடுப்படியில். பாயில் படுத்திருந்த குழந்தை வீல் என்று கத்தியது. பசிக் கத்தல் இல்லை, வேறு மாதிரி. இருவரும் ஓடிவந்து பார்த்தால், குழந்தையின் இடது கால் கட்டைவிரலிலிருந்து ரத்தம். பாயில் சொட்டுச் சொட்டாக. சுவரோரம் சாம்பல் நிறத்தில் ஒன்று நிதானமாக நடந்து கதவிடுக்கில் நுழைந்து போயிற்று. ஓடக்கூட இல்லை.

பெற்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அங்கே விசிலக்கா வண்டியோடு நின்றிருந்தாள். பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். தன் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குழந்தையை வாங்கி, குழாயடியில் உட்கார்ந்து, கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் காட்டிக் காட்டி சோப்பால் கழுவினாள். குழந்தை உதைத்தது. விடவில்லை. "மஞ்சள், காப்பித்தூளுன்னு எதையும் அப்பிடாதீங்க. கட்டாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்தாள், ஊசி போட்டாள், மருந்து எழுதினாள். பத்து நாளைக்குள் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் தூக்கிவரச் சொன்னாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள், குப்பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று சொல்ல முத்திரையம்மாவுக்கு வாய் வரவில்லை. நகராட்சியில் வேலை பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "ஊர் மனுவுக்கெல்லாம் முத்திரை குத்துறீங்களே அண்ணி, நம்ம வீட்டுக்கு ஒரு மனு எழுதத் துப்பில்லையா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரே கேள்வி. முத்திரையம்மா காகிதம் எடுத்தாள்.

தன் பெயரில் எழுத முடியாது. நகராட்சிச் சம்பளம் வாங்கிக்கொண்டு நகராட்சி மீதே மனுப் போட்டால், அடுத்த வாரமே ஊர்க் கோடி வரி வசூல் மையத்துக்குத் தூக்கியடிப்பார்கள். அதனால் மனுதாரர் நாத்தனார். அது வரைக்கும் சரி. எழுத ஆரம்பித்து, "குப்பை அள்ளும் லாரி பழுதடைந்து" என்ற இடத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றது.

லாரி என்று ஒரு சொல் இருந்தால் போதும், இது பொறியியல் பிரிவுக்குப் போக வேண்டிய காகிதம். அவளே அந்த ஜன்னலில் உட்கார்ந்து, சிவப்பு மையால் அப்படித்தான் எழுதியாக வேண்டும். அங்கே போனால் மழைக்காலம் வந்து போகும். குழந்தையின் இன்னொரு விரலும் போகும். லாரி இல்லாமல், ஆள் சரியில்லை என்று இருந்தால்? சுகாதாரப் பிரிவு. மூன்று நாள். யார் மீதாவது குற்றம் சொல்கிற மனுதான் ஓடும் என்பதை அவள் பதினோரு வருடம் கண்ணால் பார்த்திருக்கிறாள். பொதுவாகப் புலம்புகிற மனுவைக் கையில் எடுக்கவே ஆள் இருக்காது. ஆய்வாளர் வந்து குப்பையைக் கண்ணால் பார்த்துவிட்டால், எப்படியாவது வேறு லாரி பிடித்தாவது எடுத்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

எழுதிய காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, புதிதாக எழுதினாள்.

"எங்கள் தெருமுனையில் உள்ள குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்து, எலிகளும் ஈக்களும் பெருகியுள்ளன. இன்று காலை ஒன்றேகால் வயதுக் குழந்தையை எலி கடித்து, மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கப்பட்டது. தொற்றுநோய் பரவும் அபாயம் உள்ளது. இப்பகுதிக்கு நியமிக்கப்பட்டுள்ள துப்புரவுப் பணியாளர் கடந்த மூன்று வாரங்களாகப் பணிக்கு ஒழுங்காக வராததே இதற்குக் காரணம். உடனடியாக நேரில் ஆய்வு செய்து, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

விசிலக்காவுக்கு என்ன ஆகிவிடும் என்றும் யோசிக்காமல் இல்லை. ஒரு குறிப்பாணை வரும். ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். வந்தேன் என்று அவள் எழுதிக் கொடுப்பாள், வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார்கள், கோப்பை மூடுவார்கள். முத்திரையம்மாவுக்கே இரண்டு தடவை அப்படிக் குறிப்பாணை வந்திருக்கிறது, இரண்டு தடவையும் ஒரு மயிரும் ஆகவில்லை. குறிப்பாணை வாங்காத ஊழியர் ஊழியரா? இப்படித்தான் நினைத்தாள். நிரந்தர வேலைக்காரர்களின் புத்தி அப்படித்தான் போகும்.

நாத்தனார் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பிளவுசின் கொக்கியை வாயில் கவ்விக்கொண்டே மெஷின் பலகை மீது வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்கீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மதியமே முத்திரையம்மா தன் ஜன்னலில் உட்கார்ந்து, தன் மனுவுக்குத் தானே முத்திரை குத்தி, தானே எண் போட்டு, சிவப்பு மையால் "சுகாதாரப் பிரிவு, உடனடி" என்று எழுதித் தட்டில் வைத்தாள். குழந்தையின் விரல்தான் கண் முன்னால் நின்றது.

மனு ஓடியது, நன்றாகவே ஓடியது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் தெருவுக்கு வந்தார். கூடவே துப்புரவு மேஸ்திரியும் நாலு ஆட்களும். தெருவில் சிதறிக்கிடந்ததையெல்லாம் வாரித் தொட்டியைச் சுற்றி அம்பாரமாகக் குவித்து, சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று பிளீச்சிங் பவுடரைக் கோலப்பொடி மாதிரி தூவினார்கள். பவுடருக்கு இந்தப் பக்கம் நின்று ஆய்வாளர் செல்போனில் மூன்று படம் எடுத்தார். நாத்தனாரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார், ஆய்வு நடந்தது என்பதற்கு. சாயங்காலம் நாத்தனார் இதையெல்லாம் நடித்தே காட்டினாள். குப்பை எங்கே போனது என்று முத்திரையம்மா கேட்டாள். எங்கே போகும், பவுடர் பூசிக்கொண்டு மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு விசில் கேட்கவில்லை. ஏழேகாலுக்கு ஒரு புதுப் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இருந்ததை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுக்கு மூன்று தெரு. விசிலக்கா தினமும் மண்வெட்டியால் வாரி ஒதுக்கியது பெருக்குகிறவளின் வேலையே இல்லை, அவளாகப் போட்டுக்கொண்ட வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாளில் குப்பை அந்தப் பவுடர் வட்டத்தைத் தாண்டி, இவர்கள் வாசற்படியைத் தொட்டது. ராத்திரி பகல் பாராமல் எலி வந்தது. முத்திரையம்மாவும் நாத்தனாரும் முறை வைத்துக் குழந்தையின் பக்கத்தில் விழித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது, கடித்த விரல் தக்காளியாக வீங்கியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா படுக்கையில் சேர்த்து, இரண்டு நாள் ஊசி மருந்து ஏற்றினாள். நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் முத்திரையம்மா அழுதாள். புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்த வீட்டுக்கேதான் திரும்பப் போக வேண்டும், அந்தப் பாயில்தான் படுக்கப்போட வேண்டும்.

வியாழக்கிழமை அலுவலகம் வந்தாள். தபால் பிரிவில் உள்ளே வருவது மட்டுமில்லை, வெளியே போவதும் அவள் கையால்தான். வெளியே அனுப்ப வேண்டிய கடிதக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண் போட்டு உறையில் வைத்துக்கொண்டு வந்தவள், ஏழாவது கடிதத்தில் நின்றாள். பெறுநர் அவளுடைய நாத்தனார். முகவரி அவளுடைய வீடு.

"தாங்கள் அளித்த புகார் மனு மீது நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அப்பகுதியில் துப்புரவுப் பணி மேற்கொள்ளப்பட்டு, கிருமிநாசினி தூவப்பட்டது. பணிக்கு ஒழுங்காக வராத ஒப்பந்தப் பணியாளர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, மாற்றுப் பணியாளர் நியமிக்கப்பட்டுள்ளார். எனவே தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது."

ஒப்பந்தப் பணியாளர். அந்தச் சொல்லைப் படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வருடமே பெருக்குகிறவர்களையெல்லாம் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். அந்த உத்தரவுக்கும் அவள்தான் முத்திரை குத்தியிருந்தாள். அவர்களுக்கு ஏது குறிப்பாணை, ஏது விளக்கம்? நாளையிலிருந்து வராதே என்று ஒரு வார்த்தை, தீர்ந்தது. தனக்கு இருக்கிற சட்டையே எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்து ஒருத்தியைக் குளிரில் தள்ளிவிட்டாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு, ஆய்வாளரின் மேசைக்குப் போனாள். ஆய்வாளர் கெட்ட மனிதர் இல்லை, சுறுசுறுப்பானவர் என்று பெயரும் உண்டு. அதுதான் இன்னும் மோசம். மூன்றே நாளில் முடித்தேன் பார்த்தீர்களா என்று அவராகவே பெருமையாக ஆரம்பித்தார். அந்தப் பணியாளரின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தீர்களா என்று இவள் கேட்டாள். மனுவே கையில் இருக்கும்போது பதிவேடு எதற்கு, ஒப்பந்தக்காரரிடம் போனில் சொன்னேன், ஆளை மாற்றிவிட்டார் என்றார். குப்பை இன்னும் அப்படியே இருக்கிறதாமே, லாரி வரவில்லையாமே என்று கேட்டாள்.

ஆய்வாளர் மனுவை எடுத்து அவள் முன்னால் விரித்துப் போட்டார். "நீங்களே பாருங்கம்மா. லாரியப் பத்தி இதுல ஒரு வரி இருக்கா? எழுதினா பொறியியலுக்கு அனுப்பியிருப்பேன். எழுதாததுக்கு நான் எப்படி நடவடிக்கை எடுக்கறது?"

அவள் கையால் எழுதிய வரிகள் அவளையே பார்த்தன. எத்தனையோ பேருக்கு ஜன்னலில் இதே பதிலை அவளும் சொல்லியிருக்கிறாள். எழுதாததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று. படி இறங்கி வந்தாள்.

வந்து பார்த்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விசிலக்கா நிற்கிறாள்.

சீருடை இல்லாமல் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தாள். கையில் மடித்த வெள்ளைக் காகிதம், எழுதாத காகிதம். குழந்தை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டாள். காய்ச்சல் வந்ததைக் கேள்விப்பட்டேன், வரமுடியவில்லை என்றாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி வந்து வண்டியையும் விசிலையும் வாங்கிக்கொண்டாராம். யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள், நீ வேலைக்கே வருவதில்லையாமே என்றாராம். மழையிலும் வந்தேன், காய்ச்சலிலும் வந்தேன், தினமும் வருகைக்கு விரல் வைத்த மெஷினைக் கேளுங்கள் என்று இவள் சொன்னதற்கு, மனு மனுதான் என்று போய்விட்டாராம். ஒப்பந்தக்காரர் ஆபீசில் நாலு நாளாக நின்றும் உள்ளே விடவில்லை. மனுவுக்கு எதிராக இன்னொரு மனுப் போடு, வேறு வழியில்லை என்று அங்கே இருந்த காவலாளி சொல்லியிருக்கிறான்.

"நீங்க எழுதிக் குடுத்தா நகரும்னு சொல்றாங்கம்மா. எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. அப்புறம், அந்த மனுவப் போட்டது யாருன்னு உங்க நோட்டுல இருக்குமில்ல? சண்டைக்குப் போக மாட்டேன். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்."

நோட்டில் நாத்தனாரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தெரியாது, ரகசியம், சொல்லக் கூடாது என்று விதியைக் காட்டி அதைவிடச் சுலபமாகத் தப்பிக்கலாம். அந்த விதி உண்மையிலேயே இருக்கிறது. அனுதாபத்தோடு ஒரு நல்ல மனு எழுதிக் கொடுத்து, அவள் கும்பிட்டுவிட்டுப் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த மூன்றும் அவள் மனதில் ஓடின. ஓடவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

"நான்தாங்க்கா எழுதினேன்" என்றாள்.

விசிலக்காவுக்குப் புரியவில்லை. என் மனுவை எழுதிவிட்டீர்களா, அதற்குள்ளாகவா என்று கேட்டாள்.

"இல்லக்கா. உங்க மேல போட்ட மனு. நாத்தனார் பேர்ல. குழந்தைய கடிச்ச அன்னைக்கு. லாரின்னு எழுதினா லேட்டாகும்னு... உங்களுக்கு இப்படி ஆகும்னு நினைக்கல."

வரிசையில் பின்னால் நின்றவர் சீக்கிரம் என்று முனகினார். விசிலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கத்துவாள், காறித் துப்புவாள் என்று முத்திரையம்மா எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். விசிலக்கா அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னைக்கா? நான் பிள்ளை கால கழுவிவிட்டேனே, அன்னைக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டத்தான் முடிந்தது.

விசிலக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த வெள்ளைக் காகிதத்தை நீவி, கம்பிக்கு அடியில் உள்ளே தள்ளினாள். குரல் மட்டும் கரகரத்தது.

"அந்த மனு மூணு நாள்ல வேலை செஞ்சுதில்ல? அதே கையால இதையும் எழுதுங்க. நான் ஒரு நாள்கூட தப்பாம வந்தேன்னு எழுதுங்க. லாரியையும் எழுதுங்க. கையெழுத்து மட்டும் இந்த வாட்டி உங்களோடதா இருக்கட்டும்."

முத்திரையம்மா எழுதினாள். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், இவ்வளவு தடுமாறியதில்லை. எந்தத் தேதியில் எந்த எண்ணில் பதிவான மனுவை எழுதியது தான்தான் என்று எழுதினாள். பணியாளர் வரவில்லை என்பது பொய், தெரிந்தே எழுதிய பொய் என்று எழுதினாள். இருபத்தொன்பது நாளாக லாரி வரவில்லை, தொட்டி எடுக்கப்படவில்லை, அதனால் ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தது, அது என் குழந்தை என்று எழுதினாள். பணியாளரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், தொட்டியை இன்றே எடுக்க வேண்டும் என்று முடித்தாள். கீழே தன் முழுப் பெயரை எழுதி, தன் பதவியையும் எழுதினாள்.

அதற்குள் ஏதோ தபாலுக்குக் கையொப்பம் வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்த ஆய்வாளர், பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்தது. இது உள்ளே போனால் பதிவேட்டைப் பார்க்காத என் தலையும் உருளும், பொய் மனு எழுதிய உங்கள் தலை முதலில் உருளும், கிழித்துப் போடுங்கள், அந்த அம்மாவுக்கு வேறு வார்டில் ஏதாவது பார்க்கலாம் என்று காதருகில் கிசுகிசுத்தார். அவர் சொன்னதும் பொய் இல்லை. குழந்தைக்கு மருந்து, புருஷன் அனுப்புகிற அரைச் சம்பளம், இந்த நாற்காலி, எல்லாம் ஒரு தடவை அவள் கண் முன்னால் வந்து போயின.

தேதி முத்திரையை எடுத்துக் குத்தினாள். பதிவேட்டில் எண் போட்டாள். ஓரத்தில் சிவப்பு மையால் சுகாதாரம் என்றும் எழுதவில்லை, பொறியியல் என்றும் எழுதவில்லை. "ஆணையர் நேரடிப் பார்வைக்கு" என்று எழுதினாள். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக நீட்டினாள்.

விசிலக்கா சீட்டை வாங்கி, எண்ணை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள். எத்தனை நாளாகும் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு முத்திரையம்மாவிடம் பதினோரு வருடமாகத் தயாராக ஒரு பதில் உண்டு, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று. அது இப்போது வாயில் வரவில்லை.

"தெரியலக்கா."

"சரி. நாளைக்கு வரேன். நாளான்னைக்கும் வருவேன். இந்த நாற்காலியில நீங்க இல்லாட்டி, இருக்கிறவங்ககிட்ட நம்பரச் சொல்லிக் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு விசிலக்கா நடந்தாள். நாலு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். பிள்ளையைத் தரையில் படுக்கப்போடாதீர்கள், கட்டில் இல்லையென்றால் ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போடுங்கள் என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள். முத்திரையம்மா வரிசையில் அடுத்து நின்றவரின் மனுவை வாங்கினாள், ஆனால் அதில் எழுதியிருந்த ஒரு வரிகூட அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.